லவுட்னஸ் நார்மலைசேஷன்: தமிழில் என்ன சொல்வது?

ஒரே பாடத்தின் விரிவுரைகளை வரிசையாகக் கேட்கிறீர்கள். ஆறாவது முடிந்து ஏழாவது தொடங்கியதும் ஒன்றுமே காதில் விழவில்லை, ஒலியைக் கூட்டுகிறீர்கள், எட்டாவது தொடங்கியதும் காது அதிர்கிறது. இதைச் சரிசெய்யும் வேலைக்குத்தான் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று பெயர்.

லவுட்னஸுக்குச் சொல் தேடவே வேண்டாம், அறிவியல் பாடநூல்களிலேயே 'உரப்பு' இருக்கிறது. உரத்த குரல், உரக்கப் பேசு என்கிறோமே, அந்தக் குடும்பம்தான். கருவி அளக்கும் ஒலிச்செறிவு வேறு, காது உணரும் உரப்பு வேறு என்ற பிரிவும் அதில் தெளிவாக நிற்கிறது.

சிக்கல் நார்மலைசேஷனில். அதன் மூலம் norma என்ற லத்தீன் சொல், பொருள் தச்சரின் மூலைமட்டம். அந்த மட்டத்துக்குப் பொருந்தி நிற்பது நார்மல். வடிவியலில் நார்மல் என்பதைச் செங்கோடு என்பதும் இதனால்தான். 'ஓர் அளவுக்கு ஒத்தது', 'வழக்கமானது' என்ற பொருள்களெல்லாம் அப்புறம் வந்தவை. நாம் பரவலாக எழுதும் 'இயல்பாக்கம்' அந்தக் கடைசிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த ஒலியில் பதிவான விரிவுரையில் இயல்பு கெட்டது எதுவும் இல்லை, பக்கத்துக் கோப்போடு ஒரே மட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். 'சமன்செய்தல்' பரவாயில்லை, ஆனால் ஈக்வலைசருக்கும் அதே சொல்லைப் புழங்குகிறார்கள், குழப்பம் வரும். என் தேர்வு 'உரப்பு ஒருமட்டமாக்கல்'. மூலச்சொல்லில் இருந்த மட்டமும் திரும்பி வந்துவிடுகிறது.

எதை வைத்து மட்டம் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பல மென்பொருள்களில் நார்மலைஸ் பொத்தான் உச்சத்தை மட்டுமே பார்க்கும், அதாவது கோப்பிலேயே மிகப் பெரிய ஒரு கணத்தை. ஆறாவது கோப்பின் சராசரி உரப்பு, அதற்கான அலகான LUFS-இல், −19.2, உச்சம் −1.0 டெசிபல் என்று வையுங்கள். ஏழாவதில் பேசுபவர் மைக்கிலிருந்து தள்ளி நின்றதால் உரப்பு −27.4, ஆனால் யாரோ மேசையை இடித்த ஒரு சத்தத்தால் உச்சம் −0.9. உச்சத்தை −1க்குக் கொண்டுவரச் சொன்னால் இரண்டு கோப்பும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், 8.2 டெசிபல் வித்தியாசமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அதனால் உரப்பையே அளக்க வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட BS.1770 இதற்கான அளவுமுறை. காதின் உணர்வுக்கு ஏற்ப அதிர்வெண்களுக்கு எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறது. பின்னால் வந்த திருத்தத்தின்படி நீண்ட மௌனங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மாணவர்கள் எழுதிக்கொள்ள நேரம் விடும் விரிவுரைகளுக்கு இது ரொம்ப முக்கியம். ffmpeg என்ற மென்பொருளில் இந்த முறைப்படி அளக்கும் கட்டளை இது:

```
ffmpeg -i 07.wav -af loudnorm=print_format=json -f null -
```

இது கோப்பை மாற்றாது, அளக்க மட்டும் செய்யும். `input_i` உரப்பு, `input_tp` உச்சம். எல்லாக் கோப்பையும் அளந்துவிட்டு ஒரு பொது மட்டம் வையுங்கள், −20 என்று வைத்தால் ஆறாவதை 0.8 குறைக்க வேண்டும், ஏழாவதை 7.4 கூட்ட வேண்டும். ஆனால் அப்படிக் கூட்டினால் மேசைச் சத்தம் 0 என்ற மேல்வரம்பைத் தாண்டி +6.5க்குப் போய் உடைந்துபோகும். எனவே கூட்டுவதோடு, உச்சத்தை ஒரு வரம்புக்கு மேல் போகவிடாத லிமிட்டரும் வேண்டும்:

```
ffmpeg -i 07.wav -af "volume=7.4dB,alimiter=limit=0.84:level=false" 07_out.wav
```

`level=false` விடுபட்டால் லிமிட்டரே வெளியீட்டை மறுபடி உயர்த்திவிடும், போட்ட கணக்கு கெட்டுவிடும். லிமிட்டர் மேசைச் சத்தத்தை மட்டும் அமுக்கினால் நல்லது, குரலே நசுங்கினாற்போல் கேட்டால் தொகுப்பு முழுவதற்கும் மட்டத்தை −23க்கு இறக்குங்கள், ஒரு கோப்புக்கு மட்டும் இறக்காதீர்கள். இன்னொன்று, 7.4 கூட்டும்போது மின்விசிறி இரைச்சலும் அதே அளவு கூடும். கேள்வி கேட்ட மாணவரின் குரல் ஆசிரியர் குரலைவிடத் தாழ்ந்தே இருக்கும். ஒருமட்டமாக்கல் கோப்புக்கும் கோப்புக்கும் இடையிலான வேலை, ஒரு கோப்பின் உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கத்தை அது தொடாது.

கடைசியாக மோனோ. ஒரே குரல் மோனோவில் இருந்தால், இரண்டு தடத்திலும் அதையே வைத்த ஸ்டீரியோவைவிட அளவீட்டில் 3 குறைவாகக் காட்டும், இரண்டு ஒலிபெருக்கியில் கேட்கும்போது அந்த வித்தியாசம் இருக்காது. தொகுப்பில் இரண்டும் கலந்திருந்தால் மோனோ கோப்புகளை அளக்கும்போது `loudnorm=dual_mono=true:print_format=json` என்று கொடுங்கள், இல்லாவிட்டால் எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தும் மோனோ விரிவுரைகள் மட்டும் உரக்கக் கேட்கும்.