ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்பில் பின்னணி நிறம் மாறாதபோது

உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் கல்முனையில் என்னிடம் கண் காட்ட வரும் பிள்ளைகளில் பலருக்கும் ஒரே முறைப்பாடுதான். பகலில் ஒன்றுமில்லை, இரவில் லப்டொப்பில் பாஸ்ட் பேப்பர் பார்த்தால் கண் எரிகிறது என்பார்கள். வெள்ளைப் பின்னணியை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால், "மாத்தினன் சேர், ஒண்டும் மாறல்ல" என்று பதில் வரும்.

திருக்கோவிலிலிருந்து வந்த ஒரு மாணவி லப்டொப்பையே கையோடு கொண்டுவந்திருந்தார். அடோபி ரீடரில் Edit, Preferences, Accessibility என்று போய், Replace Document Colors என்பதை டிக் பண்ணி, Custom Color-இல் Page Background-ஐ இளம் மஞ்சளாக வைத்திருந்தார். செய்தது முழுக்கச் சரி. ஆசிரியர் டைப் பண்ணி அனுப்பிய நோட்ஸ் அழகாக மஞ்சளில் திறந்தது. வட்ஸ்அப் குழுவில் வந்த உயிரியல் வினாத்தாள் மட்டும் பளிச்சென்ற வெள்ளையிலேயே நின்றது.

காரணம் எளிது. டைப் பண்ணிய பிடிஎஃப்பில் எழுத்து தனி, பக்கம் தனி. அதனால் பக்கத்தின் நிறத்தை மட்டும் ரீடரால் மாற்ற முடிகிறது. போனில் ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்பில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். அந்த வெள்ளை, படத்துக்குள்ளேயே இருக்கிற வெள்ளை. ரீடர் அதற்குப் பின்னால் எந்த நிறத்தைப் போட்டாலும் படம் மறைத்துவிடும். உங்கள் கோப்பு எந்த வகை என்று அறிய 400 வீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தால் அது டைப் பண்ணியது. மங்கிச் சதுரம் சதுரமாக உடைந்தால் ஸ்கேன். சொல்லை மவுஸால் தெரிவு செய்ய முடிகிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சில ஸ்கேன்களில் படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கும் இருக்கும்.

வெள்ளை போகாததால் அந்தப் பிள்ளை நிறங்களைத் தலைகீழாக்கி, கறுப்பில் வெள்ளை எழுத்தாக வாசிக்கத் தொடங்கியிருந்தார். தொல்லை கூடியது அங்கேதான். திரை இருண்டால் கண்மணி விரியும். விரிந்த கண்மணியில் பார்வைக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். அவருக்குக் கண்ணாடி போடாத சிறிய அஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாத குறை, இருந்தது. வெள்ளை எழுத்தைச் சுற்றி நிழல் கட்டுவதாகச் சொன்னது அதனால்தான். கறுப்புப் பின்னணிதான் கண்ணுக்கு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே நன்றாக ஊறிவிட்டது. நீண்ட வாசிப்புக்கு வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்தையே நான் சொல்வேன்.

ஸ்கேனுக்கு விண்டோஸில் நான் காட்டிக்கொடுப்பது SumatraPDF. இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். இது பக்கத்தைத் திரைக்கு வரைந்த பிறகு நிறத்தை மாற்றுவதால் படத்தின் வெள்ளையும் சேர்ந்தே மாறும். Settings மெனுவில் Advanced Options-ஐத் திறந்தால் ஒரு எழுத்துக் கோப்பு வரும். அதில் FixedPageUI என்ற பகுதியைத் தேடி, இந்த இரண்டு வரிகளையும் இப்படி வைத்துச் சேமியுங்கள்:

```
TextColor = #000000
BackgroundColor = #f5ecd7
```

இரண்டாவது வரிதான் இளம் மஞ்சள். முதல் வரியைக் கறுப்பாகவே விடுங்கள். சிலர் அழகுக்காக எழுத்தையும் மண்ணிறமாக்குவார்கள். டைப் பண்ணிய பக்கத்தில் அது பரவாயில்லை. ஆனால் போட்டோகொப்பியின் போட்டோகொப்பியாக வந்த வினாத்தாளில் எழுத்து ஏற்கனவே சாம்பல்; அதை மேலும் வெளிறச் செய்தால் கண்ணைச் சுருக்கித்தான் வாசிக்க வேண்டிவரும். வண்ணப் படங்களும் மஞ்சள் ஏறித்தான் தெரியும். ஆகவே கலத்தின் வரைபடத்தில் நிறம் முக்கியமென்றால் அந்தப் பக்கத்தைப் பகலில் பாருங்கள்.

போனில் வாசிப்பவர்கள் Xodo போன்ற செயலியில் Sepia-வைப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால் போனிலேயே உள்ள Night Light திரை முழுவதையும் மஞ்சளாக்கும்; ஸ்கேனா டைப்பா என்ற வேறுபாடே அதற்கு இல்லை.

இந்த மாற்றமெல்லாம் உங்கள் திரையில் மட்டும்தான். கோப்பு அப்படியே இருக்கும். தோழிக்கு அனுப்பினால் அவருக்கு வெள்ளையாகத்தான் திறக்கும். அதுவே நல்லது. நிறத்தைக் கோப்புக்குள்ளேயே ஏற்றிவிட்டால் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுக்கும்போது பக்கம் முழுக்கச் சாம்பல் படியும், மையும் வீண்.

நிறத்தால் தீராத எரிச்சலும் உண்டு. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. மஞ்சள் பின்னணி அதை மாற்றாது. இருட்டு அறையில் திரை மட்டும் எரிவதும் அப்படித்தான். மேசை விளக்கைப் போட்டு, ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாளைவிடத் திரை வெளிச்சமாக இருந்தால், தாளளவுக்கு வரும்வரை brightness-ஐக் குறையுங்கள். திருக்கோவில் பிள்ளைக்கு விளக்கு, மஞ்சள் பின்னணி இரண்டோடு ஒரு கண்ணாடியும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது எரிச்சல் குறைந்திருந்தது. அதில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இதையெல்லாம் செய்தும் எழுத்து நிழலடித்தால், அல்லது தலையிடி வந்தால், நிறத்தை மாற்றிக்கொண்டிருக்காமல் கண்ணைப் பரிசோதியுங்கள்.