‘பார்வை’: அலுவலகக் கடிதத்தில் யார் எதைப் பார்க்க வேண்டும்?

அரசு அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பகுதியில் ‘பொருள்’ என்ற வரிக்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி வரும். ‘பார்’ என்னும் வினையோடு ‘வை’ விகுதி சேர்ந்து பிறந்த பெயர் அது. போர்வை, தீர்வை போன்ற சொற்களும் இப்படித்தான் அமைந்தன. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் நிற்கும் ‘ரெஃபரன்ஸ்’ என்ற சொல்லின் லத்தீன் வேர், ‘திரும்பக் கொண்டுசெல்லுதல்’ என்று பொருள்படும். தமிழில் அது ‘கண்ணால் காண்பது’ என்று மாறியது. இந்தக் கடிதத்தைத் தொடுமுன் எந்தத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அலுவலருக்குச் சொல்வதுதான் அந்த வரியின் வேலை. ஆகவே பார்வை என்பது எழுதுகிறவருடைய பார்வை அல்ல, படிக்கிறவருடைய பார்வை. இந்த ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் என் சித்தியின் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றது.

சித்தப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்த பிறகு சித்தி கருவூலத்துக்கு மனு எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இறப்புச் சான்றும் ஓய்வூதியக் கொடுப்பாணைப் புத்தகமும் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். சித்தி இரண்டையும் உடனே அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தின் பொருள் வரியில் ‘தங்கள் கடிதத்துக்குப் பதில்’ என்றும், பார்வை வரியில் ‘எனது மனு’ என்றும் தேதியோடு எழுதியிருந்தார். அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

கருவூலத்திலிருந்து வந்த கடிதத்தை நான் வாங்கிப் பார்த்தேன். இடப்பக்க மூலையில் ‘ந.க.எண். 2316/இ4/2023’ என்று இருந்தது. ந.க. என்பது நடப்புக் கணக்கு. வங்கியில் வணிகர்கள் வைத்திருக்கும் நடப்புக் கணக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. நடவடிக்கைக்காக அலுவலகத்துக்குள் வரும் தாளை ‘நடப்பு’ என்பார்கள். அதற்குப் பதிவேட்டில் விழும் எண்தான் இது. முதலில் இருப்பது அந்த ஆண்டின் வரிசை எண், கடைசியில் இருப்பது ஆண்டு. நடுவில் இருக்கும் ‘இ4’ தான் உயிர். இ என்பது பிரிவு, 4 என்பது அந்தப் பிரிவில் ஓர் இருக்கை. அது ஆளைக் குறிப்பதில்லை. உதவியாளர் மாற்றலாகிப் போனாலும் கோப்பு அந்த இருக்கையிலேயே இருக்கும்.

தபால் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளில் வரும் கடிதங்களை எல்லாம் முழுக்கப் படிக்க முடியாது. பொருளையும் பார்வையையும் பார்த்து இருக்கைக்குப் பிரிப்பார். சித்தியின் கடிதத்தில் ‘இ4’ எங்கும் இல்லை. ‘தங்கள் கடிதத்துக்குப் பதில்’ என்றால் எந்தக் கடிதம், எதைப் பற்றி? அது புதுத் தாளாகப் பதிவாகி, புது எண் பெற்று, இ2 இருக்கைக்குப் போயிருந்தது. நான் நேரில் போனபோது இ4-இல் சான்று வரவில்லை என்று கோப்பு காத்திருந்தது. இ2-இல் சான்றுகள் இருந்தன, கோப்பு இல்லை. இரண்டு மேசைகளுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. இரண்டு பேருமே தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

இ2-இல் இருந்த சான்றுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து வேறு கடிதம் எழுதினோம். பொருள் வரி இப்படி அமைந்தது: ‘ஓய்வூதியம் – குடும்ப ஓய்வூதியம் – ஓய்வூதியர் 14.03.2023 அன்று மறைவு – மனைவிக்கு வழங்கக் கோருதல் – தொடர்பாக.’ அலுவலக நடையில் இடையிடையே வரும் அந்தக் கோடுகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. பெரிய தலைப்பில் தொடங்கிச் சிறியதற்கு இறங்குகிறோம். முதல் சொல்லைப் பார்த்ததுமே பிரிவு தெரிந்துவிடும், இரண்டாவதில் இருக்கை தெரியும், மீதியைக் கோப்பைக் கையாளுகிறவர் படிப்பார். ‘உதவி கோருதல்’, ‘விண்ணப்பம்’ என்று தொடங்கினால் அந்த முதல் சொல் வீணாகிறது, ஏனென்றால் அங்கே வரும் எல்லாமே விண்ணப்பம்தான்.

‘பொருள்’ என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் அர்த்தம், சொல்லவந்த செய்தி என்றும் அர்த்தம். பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் இரண்டும் ஒரே வரியில் வந்து அமர்வது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். சித்தி முதல் மனுவிலேயே குடும்ப ஓய்வூதியத்தோடு குடும்பப் பாதுகாப்பு நிதியையும் கேட்டிருந்தார். அந்த அலுவலகத்தில் இரண்டும் வெவ்வேறு இருக்கைகள். ஒரே தாள் இரண்டு மேசையில் இருக்க முடியாது, அதனால் இரண்டாவது கோரிக்கையை யாரும் எடுக்கவே இல்லை. அதற்குத் தனிக் கடிதம் எழுதினோம்.

பார்வை வரியில் இரண்டு இனங்கள் வந்தன. ஓய்வூதியக் கொடுப்பாணை எண் முதலாவது. இரண்டாவது, ‘தங்கள் கடிதம் ந.க.எண். 2316/இ4/2023, நாள் 28.04.2023.’ எண்ணை அவர்கள் எழுதியபடியே, சாய்கோடு உட்பட எழுத வேண்டும். நாளையும் விடக்கூடாது. ஒரே ந.க. எண்ணில் நான்கைந்து கடிதங்கள் போயிருக்கலாம், எதற்குப் பதில் சொல்கிறோம் என்பது நாளில்தான் தெரியும். நம்முடைய பழைய மனுவைச் சொல்ல விரும்பினால் மூன்றாவதாகச் சொல்லலாம். இந்த எண்ணைப் பேச்சில் ‘ரெஃபரன்ஸ் நம்பர்’ என்கிறோம். சிலர் ‘குறிப்பு எண்’ என்று எழுதுகிறார்கள். அலுவலகத்தில் ‘குறிப்பு’ என்றால் கோப்புக்குள் அலுவலர் எழுதும் கருத்து என்றாகிவிடும். ‘பார்வை எண்’ அல்லது ‘கடித எண்’ என்பதே நேரானது.

அடுத்தது கடிதத்தின் அடியில் வரும் ‘இணைப்பு’. இணை என்றால் சேர்ந்திருப்பது, ஜோடி. இந்த இடத்தில் பொருத்தமான சொல்தான். ‘சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன’ என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், ஒவ்வொன்றுக்கும் பெயர், மூலமா நகலா, எத்தனை தாள் என்று எழுதினோம்: இறப்புச் சான்று, நகல், 1 தாள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், நகல், 1 தாள், கொடுப்பாணைப் புத்தகம், மூலம், 1. ஒரு தாள் வழியில் பிரிந்துபோனால் எது போயிற்று என்று அன்றே தெரிந்துவிடும். பட்டியலின் கடைசியில் ‘ஆக 3 இணைப்புகள்’ என்றும் எழுதினோம்.

‘மூலம்’ என்று நான் எழுதியதைச் சித்தி ‘அசல்’ என்று திருத்தப் பார்த்தார். வழக்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அசல், நகல் இரண்டுமே அரபு மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை, இரண்டிலும் குறையில்லை. ஆனால் பணக் கடிதத்தில் அசலுக்கு வட்டியோடு வரும் அசல் என்ற பொருளும் உண்டு. சித்தியிடம் ஒரு வைப்புத் தொகைக் கடிதமும் இருந்தது. அதில் ‘அசலைத் திருப்பித் தரவும்’ என்று எழுதி வைத்திருந்தார். அவர் கேட்டது வைப்புச் சீட்டை. படிப்பவர் முதலீட்டையே கேட்பதாக நினைத்துக் கணக்கை முடித்துவிடக்கூடும். ‘மூலச் சீட்டு’, ‘மூலச் சான்று’ என்றால் அந்தச் சந்தேகம் எழாது. அந்தக் கடிதத்தையும் மாற்றி எழுதிய பிறகே உறையில் வைத்தோம்.

கருவூலத்தில் கடிதத்தின் இரண்டாம் படியை நீட்டி, நாள் முத்திரையோடு ஒப்புகை வாங்கினோம். முத்திரைக்கு அருகில் பெற்றுக்கொண்டவர் தன் கையாலேயே ‘இ4’ என்று எழுதிக் கொடுத்தார்.