பனிக்குடநீர்: சொல்லும் பொருளும்

ஸ்கேன் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் கர்ப்பிணியிடம் குடியாத்தம் பக்கத்தில் கேட்கும் கேள்வி, "தண்ணி எப்படிக் கீதாம், கம்மியா?" என்பதுதான். அந்தத் 'தண்ணி'க்கு எழுத்துத் தமிழில் பனிக்குடநீர் என்று பெயர். குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுப் பை பனிக்குடம், அதற்குள் இருக்கும் திரவம் பனிக்குடநீர். பேச்சில் பன்னீர்க்குடம், தண்ணிக்குடம் என்றும் சொல்வார்கள். தெலுங்கு பேசும் வீடுகளில் இது உம்மநீரு. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வேலூருக்குப் பிரசவம் பார்க்க வருகிறவர்கள் அதிகம் என்பதால், இங்கே பிரசவ வார்டுகளில் எல்லாப் பெயரும் காதில் விழும்.

மருத்துவ நூல்களில் உள்ள ஆம்னியாட்டிக் என்ற சொல்லுக்கு அடி ஆம்னியான் என்ற கிரேக்கச் சொல். பழைய கிரேக்கத்தில் பலி கொடுக்கும்போது இரத்தம் பிடிக்கும் கிண்ணத்தையும் அப்படித்தான் அழைத்தார்கள். ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ஆம்னோஸோடு அதைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. தமிழ்ப் பெயரில் உள்ள 'பனி'யைக் குளிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த நீர் தாயின் உடல் சூட்டிலேயே இருக்கிறது. கண் பனித்தது என்கிறோமே, அந்தத் துளிர்க்கும் நீரே இங்கேயும் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதில் புரிந்துவிடும். ஆரம்ப வாரங்களில் தாயின் உடலிலிருந்து சவ்வு வழியாகக் கசிந்து சேர்கிறது. ஐந்தாம் மாதம் நெருங்கும்போது குழந்தையின் சிறுநீரகங்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அதற்கப்புறம் பனிக்குடநீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். நுரையீரலிலிருந்தும் கொஞ்சம் திரவம் வந்து சேரும். குழந்தை அதையே விழுங்குகிறது, குடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது, மறுபடி சிறுநீராகிறது. எட்டாம் மாத வாக்கில் சுமார் 800 மி.லி. வரை இருக்கும் நீர், நாள் நெருங்க நெருங்கக் குறையத் தொடங்கும். சிறுநீர் வரத்து குறைந்தால் நீர் வற்றும், விழுங்குவது தடைப்பட்டால் நீர் பெருகும்.

அடிபடாமல் காப்பதும் கைகால் அசைய இடம் கொடுப்பதும் இந்த நீரின் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். இன்னும் முக்கியமானவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, குழந்தையின் உடலுக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவில் தொப்புள்கொடி நசுங்காமல் பார்த்துக்கொள்வது. மற்றொன்று நுரையீரல் வளர்ச்சி. திரவம் உள்ளே தங்கி விரித்துக் கொடுத்தால்தான் நுரையீரல் வளரும். அதனால்தான் ஐந்தாம் மாதத்திலேயே குடம் உடைந்து நீர் வற்றிப்போனால், கைகால் நன்றாக இருக்கும் குழந்தைகூடப் பிறந்தவுடன் மூச்சுவிடத் திணறுகிறது.

சரி, கம்மி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? வயிற்றை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கொடியும் கைகாலும் குறுக்கிடாத ஆழமான நீர்த்தேக்கத்தை மேலிருந்து கீழாக அளக்கிறார்கள். நான்கையும் கூட்டினால் வருவது ஏ.எஃப்.ஐ. அது 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழே போனால் குறைவு, 24 அல்லது 25-ஐத் தாண்டினால் மிகை. இன்னொரு முறையில் ஒரே ஒரு ஆழமான தேக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். அது 2 செ.மீ.க்குக் கீழே இருந்தால் குறைவு, 8-க்கு மேல் போனால் மிகை.

ஓர் உதாரணம் பார்ப்போம். 30 வாரக் கர்ப்பிணி. நான்கு அளவுகள் 2.2, 1.3, 0.6, 0.8. கூட்டினால் 4.9, ரிப்போர்ட்டில் ஒலிகோஹைட்ராம்னியாஸ் என்று விழுந்துவிட்டது. பனிக்குடநீர்க் குறைவு என்பதுதான் இந்த நீளப் பெயருக்குப் பொருள். ஆனால் ஆழமான தேக்கம் 2.2 இருக்கிறதே, இரண்டாவது முறைப்படி இது குறைவே இல்லை. ஒரே வயிறு, ஒரே நாள், இரண்டு தீர்ப்பு. ஏ.எஃப்.ஐ. மட்டும் பார்த்தால் தேவைக்கு அதிகமாகப் பிரசவ வலி தூண்டவேண்டி வருகிறது என்பதால் பல மருத்துவர்கள் இரண்டாவது முறையைத்தான் விரும்புகிறார்கள். எண் இப்படி எல்லையில் நிற்கும்போது காரணத்தைத் தேடுவதே சரி.

முதலில், நீர் கசிகிறதா? இருமினால் நனைகிறது, பேட் மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது, சிறுநீர் வாடை இல்லை என்றால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். பிறப்புறுப்பின் ஈரம் இயல்பில் அமிலத்தன்மை கொண்டது, பனிக்குடநீர் அப்படியல்ல. சோதனைத் தாள் நீலமாக மாறினால் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். இரத்தம் கலந்திருந்தாலும் தாள் நீலமாகும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. நம் உதாரணத்தில் தாள் மஞ்சளாகவே இருந்தது. அடுத்து ரத்த அழுத்தம், குழந்தையின் எடை, கொடியில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாவிட்டால் குழந்தையின் உடல் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும், நீர் வற்றும். இவருக்கு அதுவும் நன்றாக இருந்தது. குழந்தையின் சிறுநீரகம் இரண்டும் தெரிந்தன, சிறுநீர்ப்பை நிரம்பிக் காலியாவதையும் திரையில் பார்க்க முடிந்தது.

கடைசியில்தான் மாத்திரைக் கதை வெளியே வந்தது. இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக். அதுவும் ஐபுப்ரோஃபெனும் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2020-இல் எச்சரித்தது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களிலேயே நீர் ஏறத் தொடங்கும். இவருக்கு அடுத்த வார ஸ்கேனில் 9 வந்தது. இதைப் படித்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறிய அளவு ஆஸ்பிரினை யாரும் நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

இளநீர் குடித்தால் ஏறுமா என்று கேட்காதவர்கள் இல்லை. வேலூர் சித்திரை வெயிலில் உடம்பு வறண்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கூடக் குடித்தாலே அளவு சற்று ஏறும். இளநீருக்கென்று தனி மகிமை இல்லை. குடம் ஓட்டையாகியிருந்தாலோ நஞ்சுக்கொடி தளர்ந்திருந்தாலோ எத்தனை இளநீர் சீவினாலும் காரணம் அப்படியே இருக்கும்.

மிகைக்கு வருவோம். மருத்துவப் பெயர் பாலிஹைட்ராம்னியாஸ், தமிழில் பனிக்குடநீர் மிகை. பாதிக்கு மேற்பட்டவர்களிடம், முக்கியமாக லேசான மிகையில், காரணம் எதுவும் அகப்படாது. தெரிந்த காரணங்களில் முதலில் பார்ப்பது தாயின் சர்க்கரை. சர்க்கரை கூடினால் குழந்தையும் அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது. வயிறு இறுக்கம், படுத்தால் மூச்சுமுட்டல், முன்கூட்டியே வலி எல்லாம் இதோடு வரும். நீர் நிறைந்த குடம் திடீரென்று உடைந்தால் வெள்ளத்தோடு தொப்புள்கொடியும் கீழே சரிந்துவிடலாம். அப்படிப்பட்டவருக்குக் குடம் உடைந்தால் நடக்கவிடாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். அதிகம் விரிந்த கருப்பை சரியாகச் சுருங்காது என்பதால் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்குக்கும் தயாராக இருப்பார்கள்.

நீர் மிக அதிகமாக இருந்து சர்க்கரையும் சரியாக இருந்தால், குழந்தையால் விழுங்க முடியாமல் உணவுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று யோசிப்பார்கள். ஸ்கேனில் இரைப்பை தெரியாமலோ மிகச் சிறிதாகவோ இருப்பது அதற்கு ஓர் அடையாளம். ஸ்கேனில் தப்பிவிடுவதும் உண்டு. அதனால் இப்படிப்பட்ட குழந்தை பிறந்ததும் முதல் பால் கொடுப்பதற்கு முன்பே மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பை வரை விட்டுப் பார்க்கிறார்கள். குழாய் 10 செ.மீ. வாக்கிலேயே நின்றுவிட்டால் பால் கொடுக்காமல் எக்ஸ்ரேக்கும் அறுவை சிகிச்சை மருத்துவரிடமும் அனுப்புவார்கள்.