டவர் வாடகைக்கு முன்பணம் கேட்கிறார்களா?

நிலப் பத்திரங்கள் எழுதுவதும் வில்லங்கம் பார்ப்பதும் என் தொழில். ஒரு விவசாயி என்னிடம் குத்தகை ஒப்பந்தம் ஒன்றைச் சரிபார்க்கக் கொண்டு வந்தார். அவருடைய தரிசு நிலத்தில் செல்போன் டவர் வைக்கப் போகிறார்களாம். அட்வான்ஸ் 25 லட்சம், மாத வாடகை 40 ஆயிரம். கூடவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் முத்திரை போட்ட தடையில்லாச் சான்று ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. டவர் வைக்க ட்ராய் யாருக்கும் தடையில்லாச் சான்று கொடுப்பதே இல்லை.

அதற்குள் அவர் மூன்று முறை பணம் கட்டியிருந்தார். முதலில் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய். அப்புறம் ஒப்பந்தச் செலவு 18,000. மூன்றாவதாக, "25 லட்சம் அட்வான்ஸ் தயார், டி.டி.எஸ். கட்டினால்தான் வங்கி விடுவிக்கும்" என்று சொல்லி 48,000. மூன்றும் போனது தனிநபர் கணக்குகளுக்கு. கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற பயம்தான் அடுத்த தவணையையும் கட்ட வைக்கிறது. அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த டி.டி.எஸ். விஷயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அது வாடகை கொடுப்பவர் பிடித்தம் செய்யும் வரி. உங்களுக்குத் தரும் தொகையிலேயே கழித்துக்கொண்டு, உங்கள் பான் எண்ணில் அவர்தான் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். வாங்கப் போகிறவர் முன்கூட்டியே கையிலிருந்து கட்டுவது என்ற பேச்சே கிடையாது.

நிஜமான டவர் கம்பெனி வேலை செய்யும் விதமே வேறு. எந்தப் பகுதியில் சிக்னல் குறைவு என்று முதலில் அவர்களே கணக்குப் பார்க்கிறார்கள். அந்தச் சிறு வட்டத்துக்குள்தான் இடம் தேடுகிறார்கள். ஆள் நேரில் வருவார், இடத்தை அளப்பார். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அவர்கள் வக்கீல் பார்ப்பார். அதன் பிறகே குத்தகைப் பத்திரம். நிலத்தை மிதிக்காமல், "சாட்டிலைட்டில் உங்கள் இடம் தேர்வாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கம்பெனி பெயர் சொன்னால், தொலைத்தொடர்புத் துறை இணையதளத்தில் உள்ள பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் தேடுங்கள். பெயர் இருந்தாலும், கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். பெரிய கம்பெனிகளின் பெயரைத்தான் இவர்கள் திருடுகிறார்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, பணம் போன கணக்கு ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியுண்டு. எங்கள் விவசாயி கடைசித் தவணை கட்டி பல நாள் கழித்து வந்ததால், அதில் ஒரு பகுதியை மட்டுமே முடக்க முடிந்தது.

சில வாரம் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கோர்ட் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று இன்னொரு அழைப்பு வரலாம். பெரும்பாலும் அதே கும்பல்தான். உங்கள் எண்ணும் இழந்த தொகையும் அவர்களிடம் இருக்கிறது. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.