பத்து நிமிட ஸ்டாண்ட்-அப்பும் ஒன்பது நாள் நின்ற வேலையும்

ஆறு பேர் கொண்ட ஒரு டீமுக்கு நான் லீடாக இருந்தபோது, நின்றபடியே வேலை நிலவரம் பேசும் எங்கள் ஸ்டாண்ட்-அப் சந்திப்பு தினமும் குறித்த நேரத்துக்குத் தொடங்கி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அது ஒழுங்காக நடக்கிறது என்றே நம்பியிருந்தேன். அந்தக் காலத்தில்தான் ஒரு வேலை எல்லோர் கண்முன்னாலும் ஒன்பது வேலை நாட்கள் அசையாமல் நின்றது.

பணம் செலுத்தும் பக்கத்தை, கட்டணச் சேவை தருபவர்களின் சோதனைச் சர்வரோடு இணைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் டெஸ்ட் சர்வரிலிருந்து வெளியே போகும் இணைப்பை ஃபயர்வால் தடுத்தது. அதைத் திறக்க வேண்டியவர்கள் நெட்வொர்க் டீம். செவ்வாய்க்கிழமை டெவலப்பர் சொன்னார்: "ஃபயர்வால் திறக்கணும். நெட்வொர்க் டீமுக்கு மெயில் போட்டிருக்கேன்." சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டோம். புதன்கிழமை, "இன்னும் பதில் வரல." வியாழக்கிழமை, "திரும்பவும் ஞாபகப்படுத்தியிருக்கேன்." அடுத்த வாரம் முழுக்க இதே வாக்கியம்தான், வார்த்தைகள் மட்டும் கொஞ்சம் மாறி வந்தன. அவர் எதையும் மறைக்கவில்லை. தினமும் சொன்னார், நாங்கள் ஐந்து பேரும் தினமும் கேட்டோம்.

அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை நானே நெட்வொர்க் டீமிடம் நேரில் போய்க் கேட்டேன். மெயில் போன குழு முகவரியை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கோரிக்கையை டிக்கெட்டாகப் போட வேண்டும், அதற்கு மேலாளரின் ஒப்புதலும் வேண்டும். இரண்டும் சேர்ந்து எனக்குக் கால் மணி நேர வேலை. ஆனால் டெவலப்பர் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்பதே அவருக்குத் தெரியாது.

பிளாக்கரை, அதாவது வேலையை நிறுத்தி வைக்கும் தடையை, யார் சொன்னாரோ அவரிடமே விட்டுவிடுவதுதான் சின்ன டீம்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. அவர் கையில் தீர்வு இருந்திருந்தால் அது பிளாக்கராகவே ஆகியிருக்காது. அதனால் பொறுப்பாளர் என்று ஒருவரைக் குறிக்கும்போது, மாட்டிக்கொண்டவரை விட்டு, அதை நகர்த்தக்கூடியவர் யார் என்று பார்க்க வேண்டும். பல நேரம் அது லீடாக இருக்கும். சில நேரம், பதில் தர வேண்டிய டீமில் முன்பு வேலை செய்த ஒருவராக இருக்கும்.

அதன்பின் ஒரு ஷீட் தொடங்கினோம். ஒவ்வொரு பிளாக்கருக்கும் ஒரு வரி. எந்த வேலை நிற்கிறது, எந்தத் தேதியிலிருந்து, யாரிடமிருந்து என்ன வர வேண்டும், பொறுப்பாளர் யார், அடுத்து எப்போது பார்ப்போம் என்று ஐந்தே கட்டங்கள். "ஃபயர்வால் பிரச்சினை, நெட்வொர்க் டீம்" என்று எழுதினால் அந்த வரி எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படியே கிடக்கும். "டெஸ்ட் சர்வரிலிருந்து கட்டணச் சோதனைச் சர்வருக்கு 443 போர்ட் திறக்க வேண்டும், டிக்கெட் போட்டாயிற்று, மேலாளர் ஒப்புதல் பாக்கி, பொறுப்பு லீட், நாளை மதியம் பார்ப்பது" என்று எழுதினால், நாளை மதியம் யார் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் வராது. "விரைவில்" என்ற சொல்லை அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதவே கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

இத்தனையும் பத்து நிமிடத்தில் அடங்குமா என்று கேட்பார்கள். ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் கையேடான ஸ்க்ரம் கைடு தினசரிச் சந்திப்புக்கு 15 நிமிடம் தருகிறது. ஆறு பேருக்குப் பத்தே போதும், வரிசையை மாற்றினால். முதல் இரண்டு நிமிடம் ஷீட்டில் திறந்திருக்கும் வரிகளுக்கு. அன்று பார்க்க வேண்டியவற்றை மட்டும் பொறுப்பாளர் ஒரே வாக்கியத்தில் சொல்வார். அப்புறம் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டாக இருக்கும் போர்டைப் பார்த்துப் பேசுவோம், முடியும் நிலையில் இருக்கும் கார்டிலிருந்து தொடங்கி. "நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை" என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பில் ஸ்க்ரம் கைடே எடுத்துவிட்டது. ஆளாளுக்கு அந்த மூன்றையும் ஒப்பித்தால் தடை கடைசியில்தான் வரும், அதற்குள் நேரம் தீர்ந்திருக்கும்.

தீர்வு பேசத் தொடங்கினால் மட்டும் உடனே நிறுத்திவிடுவேன். "இதற்கு யார் யார் வேண்டும்?" என்று கேட்பேன். அந்த இரண்டு மூன்று பேர் ஸ்டாண்ட்-அப் முடிந்ததும் நின்று பேசுவார்கள், மற்றவர்கள் போகலாம். முதலில் இது மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் இரண்டு பேர் பேச்சை நான்கு பேர் நின்று கேட்பதுதான் ஸ்டாண்ட்-அப்பை அரை மணி நேரமாக்குகிறது.

ஃபயர்வால் கதை அந்த வெள்ளிக்கிழமையோடு முடியவில்லை. திங்கள்கிழமை நெட்வொர்க் டீம் டிக்கெட்டை மூடியது. நானும் ஷீட்டில் வரியை மூடிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டெவலப்பர் முயன்றபோது திரையில் பழையபடி `Connection timed out` வந்தது. போன மாதம்தான் டெஸ்ட் சர்வரை மாற்றியிருந்தோம். ஃபயர்வால் விதியோ பழைய சர்வரின் ஐபி முகவரிக்குத் திறக்கப்பட்டிருந்தது, ஏனென்றால் டிக்கெட்டில் பழைய முகவரியைக் கொடுத்தது நான்தான். அவர்கள் கேட்டதைச் சரியாகவே செய்திருந்தார்கள், எங்கள் வேலைதான் நகரவில்லை.

அன்றிலிருந்து வரியை மூடும் உரிமை ஒருவருக்கு மட்டும்தான்: மாட்டிக்கொண்டவருக்கு. அவர் முயன்று பார்த்து, "இப்ப ஓடுது" என்று சொன்ன பிறகே மூடுவோம். அதுவரை அந்த வரி "செய்துவிட்டதாகச் சொன்னார்கள்" என்ற நிலையில் நிற்கும். இந்த நிலையில் தேங்கி, கொஞ்சம் நாள் கழித்துத் திரும்பி வந்த வரிகள் எங்களுக்கு ஒன்றிரண்டு அல்ல.

ஷீட்டில் வராத பிளாக்கர்களைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். "தடை ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் வரும். உதவி கேட்டால் திறமை குறைவென்று நினைப்பார்களோ என்ற தயக்கம் புதியவர்களுக்கு நிறைய. அதனால் கேள்வியை மாற்றினேன்: "இந்தக் கார்டு இன்று அடுத்த கட்டத்துக்குப் போக, யாரிடமிருந்தாவது எதாவது வர வேண்டியிருக்கா?" ஒரு கார்டு மூன்று நாள் ஒரே இடத்தில் இருந்தாலோ, "கிட்டத்தட்ட முடிஞ்சுது" என்பதை ஒருவர் இரண்டாம் முறை சொன்னாலோ, ஸ்டாண்ட்-அப் முடிந்ததும் அவரைத் தனியாகக் கேட்பேன். எல்லோர் முன்னாலும் துருவினால் அடுத்த முறை அவர் இன்னும் குறைவாகவே சொல்வார்.

குறித்த நாள் இரண்டு முறை தவறினால் விஷயம் மேலே போகும். புகாராகப் போகக் கூடாது. "இது வியாழனுக்குள் திறக்காவிட்டால் சோதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், தள்ளலாமா?" என்று விளைவோடு கேட்க வேண்டும். முடிவெடுப்பவருக்கு அப்போதுதான் பிடி கிடைக்கும். தள்ளலாம் என்றே பதில் வந்தாலும் நல்லதுதான், புதிய தேதியை எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவரை வேறு வேலைக்கு மாற்றலாம்.

அந்த டெவலப்பர், சரியான முகவரியோடு போட்ட இரண்டாம் டிக்கெட்டுக்குக் காத்திருந்த இரண்டு நாளில், கட்டணச் சர்வர் தரும் பதில்களைப் போலவே திருப்பித் தரும் ஒரு போலிச் சர்வரை எழுதி, பாதிச் சோதனையை அதை வைத்தே முடித்துவிட்டார். அதை முதல் செவ்வாய்க்கிழமையே தொடங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் ஒரு வரியைத் திறக்கும் அன்றே, "இது வரும்வரை இது இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டுவிடுகிறேன்.