அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் சிரங்கு போகாது

தொடையிடுக்கு அரிப்பு என்று வருகிறவர்கள் உட்கார்ந்ததும் பையைத் திறந்து டியூப்களை மேசையில் அடுக்குவார்கள். பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில் 'படர்தாமரை கிரீம்' என்று கேட்டு வாங்கியவை. ஸ்டீராய்டு கலந்தவை. நாலு நாள் அரிப்பு அடங்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகும். தோலையும் மெலிய வைத்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

போன வாரம் வந்தவர் குளச்சல் பக்கம், விசைப்படகில் தொழில். படுத்தால்தான் அரிப்பு, பகலில் அவ்வளவு இல்லை. விதைப்பையில் பட்டாணி போல நாலைந்து கட்டிகள். விரல் இடுக்கில் சின்னச் சின்னப் பொரிகள், மணிக்கட்டில் மெல்லிய கோடு ஒன்று. சிரங்கேதான். அவரோ ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ரெண்டு நேரமும் சோப்பு போட்டுக் குளிக்கேன் டாக்டர், எனக்கு எப்படிச் சொறி வரும்?"

குளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிரங்கை உண்டாக்கும் பூச்சி தோலுக்கு மேலே ஓடவில்லை, உள்ளே வளை தோண்டி முட்டையிடுகிறது. சோப்பு அங்கே போகாது. டெட்டாலும் மண்ணெண்ணெயும் கூடப் போகாது. அவை விதைப்பைத் தோலை வேகவைக்கும், அவ்வளவுதான். ஒரே போர்வைக்குள், ஒரே பாயில் தோலோடு தோல் ஒட்டிப் படுத்தால் யாருக்கும் ஒட்டும். படகில் ஆட்கள் அப்படித்தானே படுக்கிறார்கள்? முதல்முறை ஒட்டினால் அரிப்பு தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாமல் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். (உடலுறவிலும் ஒட்டும். ஆனால் சிரங்கு வந்துவிட்டது என்பதற்காக மனைவி கணவனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.)

அவரிடம் சரியான மருந்தும் இருந்தது. 5 சதவீத பெர்மெத்ரின், 30 கிராம் டியூப். மூன்று வாரமாகத் தடவுகிறாராம், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த டியூப் ஒரு பெரிய ஆளுக்கு ஒரே ராத்திரிக்கு உரியது! இவர் தொடையிடுக்கில் மட்டும் தடவியிருக்கிறார். விரல் இடுக்கு, தொப்புள், பிட்டம் எல்லாவற்றிலும் பூச்சி பத்திரமாக இருந்திருக்கிறது.

"வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா?" இல்லை என்றார். வெளியே எட்டிப் பார்த்தால் மனைவி முழங்கையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, உள்ளங்காலெல்லாம் நீர்ப்பொரி.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே ராத்திரியில் இந்த 5 சதவீத பெர்மெத்ரினைத் தடவ வேண்டும். உடம்பு ஈரமில்லாமல் இருக்கட்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்துக்கு அடியிலும் விதைப்பையிலும் விடாமல் தடவுங்கள். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி தடவுங்கள். காலையில், குறைந்தது எட்டு மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி இதே மாதிரி ஒருமுறை. சின்னக் குழந்தைக்குக் கண், வாயை விட்டுவிட்டுத் தலை, முகத்திலும் தடவ வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு, ஆனால் எடை பார்த்துத் தருவது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

துணிகள், போர்வை, தலையணை உறையைச் சுடுதண்ணீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். பூச்சி மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். படகுத் தோழர்களிடமும் தயவுசெய்து சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த முறை கடலுக்குப் போகும்போது திரும்ப வாங்கி வருவீர்கள்.

இன்னொன்று. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் அரிக்கும். அது ஒவ்வாமை. 'மருந்து கேட்கலை' என்று தினமும் கிரீமைப் பூசாதீர்கள். விதைப்பைக் கட்டிகள் கரைய மாதங்கள்கூட ஆகலாம். நாலு வாரம் தாண்டியும் புதுப் பொரி வந்தால் மட்டும் திரும்ப வாருங்கள்.

அந்தரங்க முடியில் புள்ளி புள்ளியாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்றால் அது வேறு கதை. நகத்தால் உருவினால் பொடுகு உதிரும், ஈர் உதிராது. ஜட்டியில் துருநிறப் புள்ளிகள் தெரியும். இது நண்டுப்பேன். பலர் வெட்கத்தில் மழித்துவிட்டு வருகிறார்கள், பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனால் தொடை, வயிறு, அக்குள் முடியில் பேன் இருக்கலாம். இதற்கு 1 சதவீத பெர்மெத்ரின் பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். ஒன்பது பத்து நாள் கழித்துப் பாருங்கள், உயிருள்ள பேன் இருந்தால் மறுபடி செய்யுங்கள். கண் இமை முடியில் இருந்தால் அந்த மருந்தைக் கொண்டுபோகவே கூடாது, மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.

நண்டுப்பேன் பெரும்பாலும் உடலுறவில்தான் ஒட்டும். அதனால் கடந்த ஒரு மாதத்தில் உறவு வைத்தவருக்கும் சிகிச்சை வேண்டும், இருவருக்கும் மற்ற பால்வினை நோய்ப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள்.