கை-வர்க்கச் சோதனை 'சமநிலை' என்றால் எதை நம்பலாம்? மக்காச்சோள wx ஜீனை வைத்து ஒரு கணக்கு

தேர்வுத்தாளில் ஹார்டி-வீன்பெர்க் சமநிலை பற்றிக் கேட்டால் ஐந்து நிபந்தனைகளையும் வரிசையாக எழுதிவிடுகிறார்கள்: தற்செயல் இனக்கலப்பு, பெரிய இனத்தொகை, தேர்வு இல்லை, திடீர்மாற்றம் இல்லை, இடப்பெயர்வு இல்லை. அதே மாணவர் வயல் தரவில் கை-வர்க்கச் சோதனை செய்து, மதிப்பு குறைவாக வந்ததும் 'ஐந்து நிபந்தனைகளும் நிறைவேறின' என்று முடிவு எழுதுகிறார். இந்த முடிவு தவறு. அந்தச் சோதனையால் அவ்வளவையும் சொல்ல முடியாது.

1908-இல் ஹார்டியும், அதே ஆண்டில் தனியாக வீன்பெர்க்கும் காட்டியதில் இரண்டு கூற்றுகள் உள்ளன. ஒரு ஜீனின் இரண்டு அல்லீல்களின் நிகழ்வெண்கள் p, q என்றால், தற்செயல் இனக்கலப்பு நடந்தால் அடுத்த தலைமுறையில் ஜீனாக்கங்கள் p², 2pq, q² என்ற விகிதத்தில் அமையும் என்பது முதல் கூற்று. இதற்கு ஒரே தலைமுறை போதும். p, q மதிப்புகள் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கும் என்பது இரண்டாவது. தேர்வும் இடப்பெயர்வும் திடீர்மாற்றமும் இல்லாமல், இனத்தொகையும் பெரிதாக இருந்தால்தான் இது நடக்கும். ஒரே தலைமுறையில் எடுத்த மாதிரி பெரும்பாலும் முதல் கூற்றைத்தான் சோதிக்கிறது.

இதை விளக்க மக்காச்சோளத்தின் வேக்ஸி ஜீன் (wx) வசதியானது. ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள இந்த ஜீன், அமைலோஸ் உருவாக்கும் நொதிக்கு உரியது. ஒடுங்கு அல்லீலான wx மட்டும் உள்ள மணியில் அமைலோஸ் இருக்காது, ஸ்டார்ச் ஏறக்குறைய முழுவதும் அமைலோபெக்டின்தான். அயோடின் கரைசலில் சாதாரண மணியின் ஸ்டார்ச் கருநீலமாகும், வேக்ஸி மணி செம்பழுப்பாகும். மணியை மட்டும் பார்த்தால் WxWx, Wxwx இரண்டையும் பிரிக்க முடியாது. மகரந்தத்தைப் பார்த்தால் பிரிக்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு மகரந்தத்தூளும் தன்னிடம் உள்ள ஒற்றை அல்லீலுக்கு ஏற்ப நிறம் காட்டும். WxWx செடியில் எல்லாம் கருநீலம், wxwx செடியில் எல்லாம் செம்பழுப்பு, கலப்புச் செடியில் பாதிக்குப் பாதி. மூன்று ஜீனாக்கங்களையும் நேரடியாக எண்ண முடிகிற ஜீன்தான் இந்தப் பாடத்துக்கு உதவும்.

மகரந்தப்பைகளை வெடிப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். வெடித்தபின் எடுத்தால் பக்கத்துச் செடியின் தூள் காற்றில் வந்து ஒட்டியிருக்கும். ரொம்ப இளம் பைகளும் ஆகாது, தூளில் ஸ்டார்ச் நிரம்பாததால் நிறமே ஏறாது. மறுநாள் வெடிக்கவிருக்கும் பூக்களைப் பறித்து 70% எத்தனாலில் போட்டு வைக்கலாம். கண்ணாடித் தகட்டில் பையை நசுக்கி, பொட்டாசியம் அயோடைடு சேர்த்த அயோடின் கரைசலை நன்றாக நீர்த்து ஒரு சொட்டு விட்டால் போதும். கரைசல் கெட்டியாக இருந்தால் எல்லாத் தூளும் கறுத்துவிடும், wxwx செடியைக்கூட WxWx என்று குறித்துவிடுவோம். செடிக்கு நூறு தூள் பார்த்தால் தாராளம். ஓரிரண்டு அந்நியத் தூள் தென்பட்டாலும் பாதிக்குப் பாதியோடு அது குழம்பாது.

இனிக் கணக்குக்கு வருவோம். 200 செடிகளில் WxWx 92, Wxwx 76, wxwx 32 என்று வைத்துக்கொள்வோம். மொத்த அல்லீல்கள் 400.

```
p = (2×92 + 76) / 400 = 0.65
q = (2×32 + 76) / 400 = 0.35

எதிர்பார்ப்பு: 84.5   91.0   24.5
கண்டது:       92     76     32
χ² = 0.67 + 2.47 + 2.30 = 5.43
```

மூன்று தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. மூன்றுமே முடிவைக் கெடுத்துவிடும்.

வேக்ஸி செடிகளின் விகிதத்தை மட்டும் எடுத்து அதன் வர்க்கமூலத்தை q என்று கொள்வது முதல் தவறு. 32/200 = 0.16, வர்க்கமூலம் 0.40. உண்மையில் எண்ணிய q 0.35. வர்க்கமூலம் எடுக்கும்போதே சமநிலை இருப்பதாக ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அந்த q-வை வைத்து மறுபடியும் சமநிலையைச் சோதிப்பதில் பொருளில்லை. ஓங்கு, ஒடுங்கு என இரண்டே வகுப்பு உள்ள தரவில் இப்படிச் செய்தால் χ² எப்போதும் பூஜ்யம்தான் வரும்.

இரண்டாவது, மூன்று வகுப்பு என்பதால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2 என்று எடுப்பது. p-யை இதே தரவிலிருந்து கணக்கிட்டதால் இன்னும் ஒன்று கழிய வேண்டும், ஆக 1. இரண்டுக்கான 5% எல்லை 5.99, ஒன்றுக்கானது 3.84. நம் 5.43 சரியாக இடையில் மாட்டுகிறது. 2 என்று எடுத்தவர் 'சமநிலை' என்று எழுதுவார், 1 என்று எடுத்தவர் 'விலகல்' என்று எழுதுவார்.

மூன்றாவது, எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைச் சூத்திரத்தில் போடுவது. 46, 38, 16 என்று போட்டால் χ² பாதியாகி 2.72 ஆகிவிடும். இந்தச் சோதனைக்குச் செடிகளின் எண்ணிக்கைதான் வேண்டும்.

சரி, விலகல் உண்மை. ஏன்? கலப்புச் செடிகள் குறைந்துள்ளன, எதிர்பார்த்தது 91, கண்டது 76. குறைவின் அளவு F = 1 − 76/91 = 0.165. மாணவர்கள் உடனே 'தன்மகரந்தச் சேர்க்கை' என்று எழுதுவார்கள். எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். s விகிதம் தன்மகரந்தச் சேர்க்கை தொடர்ந்து நடந்தால் F = s/(2−s). F 0.165 ஆக இருக்க s சுமார் 0.28 தேவை. மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து மேலே, கதிர் இடையில், அதோடு மகரந்தம் பட்டு இழைக்குப் பொதுவாக ஓரிரு நாள் முன்பே உதிரத் தொடங்கும். திறந்த வயலில் சுமார் 5% தன்சேர்க்கை என்பதே வழக்கமான மதிப்பீடு, 28% வர வழியில்லை. 5% என்றால் F 0.026 மட்டும். அதைக் கண்டுபிடிக்க 200 செடி போதாது, χ² 3.84-ஐத் தொடவே ஏறத்தாழ 5,800 செடி வேண்டும். 'விலகல் இல்லை' என்ற முடிவை இந்த எண்ணை மனதில் வைத்தே படிக்க வேண்டும்.

இந்த அளவு குறைவுக்கு விதைக் கலப்பு பொருத்தமான காரணம். q 0.55 உள்ள ஒரு மூட்டையும் q 0.15 உள்ள இன்னொரு மூட்டையும் சரிபாதி கலந்து விதைத்திருந்தால், ஒவ்வொன்றும் தனக்குள் சமநிலையில் இருந்தாலும், 200 செடிகளில் 92.5, 75, 32.5 என்று எதிர்பார்க்கலாம். நாம் எண்ணியது 92, 76, 32. ஒத்துப்போகிறது என்பதால் மட்டும் நிரூபணமாகாது. பூக்கும் காலம் வேறுபட்டு முந்திப் பூப்பவை தமக்குள்ளும் பிந்திப் பூப்பவை தமக்குள்ளும் சேர்ந்தாலும், அந்த வேறுபாட்டோடு wx சேர்ந்து வந்தால் இதே குறைவு தெரியும். பிரித்தறிய அடுத்த தலைமுறையை எண்ண வேண்டும். வெறும் மூட்டைக் கலப்பு என்றால் ஒரே தற்செயல் கலப்பில் குறைவு மறைந்துவிடும், பூக்கும் காலம்தான் காரணம் என்றால் தொடரும்.

அந்த அடுத்த தலைமுறைக்கு, ஒவ்வொரு கதிரிலிருந்தும் சம எண்ணிக்கையில் மணி எடுக்க வேண்டும். ஒரே பெரிய கதிரிலிருந்து அள்ளினால் அது ஒரு தாயின் குடும்பமாகிவிடும், இனத்தொகையின் மாதிரியாகாது.

கையால் மகரந்தம் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டு வெளிவரும் முன் கதிருக்கு உறை, மகரந்தம் சேகரிக்கும் முந்தைய மாலை ஆண் பூங்கொத்துக்கு உறை, பல செடிகளின் மகரந்தத்தைக் கலந்து பூசுதல், இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு முதல் மூட்டையைப் பெண்ணாகவும் இரண்டாவதை ஆணாகவும் மட்டும் பயன்படுத்துகிறார்கள். அப்போது கலப்புச் செடிகளின் பங்கு 0.55×0.85 + 0.45×0.15 = 0.535. சராசரி q அதே 0.35 என்பதால் சமநிலையில் வர வேண்டியது 0.455. அதாவது 200-க்கு 91 இருக்க வேண்டிய இடத்தில் 107. ஆண், பெண் பக்க நிகழ்வெண்கள் வேறுபட்டால் சமநிலைக்கு ஒரு தலைமுறை போதாது, இரண்டு வேண்டும். 'ஒரே தலைமுறை' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள்.

இப்போது எதிர்த்திசையில், நிபந்தனை உடைந்தும் சோதனை தேறிவிடும் நிலைமையைப் பார்ப்போம். q 0.35-இல் சமநிலையில் உள்ள வகையில், விதைக்கும் முன் மணியின் மங்கலான தோற்றத்தைப் பார்த்து வேக்ஸி மணிகளை முழுவதும் பொறுக்கி எறிகிறோம். இது கடுமையான தேர்வு. q/(1+q) சூத்திரப்படி அடுத்த q 0.26. பொறுக்கிய விதையை விதைத்த வயலில் wxwx செடியே இருக்காது, அங்கே எண்ணினால் விலகல் தெரியும். அந்த வயலின் அறுவடையைப் பொறுக்காமல் விதைத்து எண்ணினால் ஜீனாக்கங்கள் 0.26-க்குரிய p², 2pq, q² விகிதத்திலேயே அமையும். சோதனை தேறும். அல்லீல் நிகழ்வெண்ணோ கால்பங்குக்கும் மேல் சரிந்திருக்கும். எந்தக் கட்டத்தில் எண்ணினோம் என்பதைக் குறிக்காத தரவு இந்த விஷயத்தில் பயனற்றது.

வெளி மகரந்தமும் அப்படித்தான். பக்கத்து வயலில் முழுவதும் Wx, நம் மணிகளில் 5% அந்த மகரந்தத்தால் உண்டானவை என்றால், தாய்ப்பக்கம் நம்முடையதே என்பதால் ஜீன் வரவு 2.5% மட்டும். ஒரு தலைமுறையில் q 0.35-லிருந்து 0.341. எந்தக் கை-வர்க்கமும் இதைப் பிடிக்காது. பத்துத் தலைமுறையில் 0.27.

இனத்தொகையின் அளவுக்கும் இதுவே நிலை. 20 செடிகளை மட்டும் தனிமைப்படுத்தி விதை எடுத்தால், செடிகளின் எண்ணிக்கை N என்று கொள்ள, q-வின் திட்டவிலக்கம் √(pq/2N) = 0.075. ஆக அடுத்த தலைமுறை q 0.20-லிருந்து 0.50 வரை எங்கும் விழலாம். 200 செடி என்றால் 0.30-லிருந்து 0.40-க்குள். எங்கே விழுந்தாலும் கலப்பு தற்செயலாக நடந்தால் விகிதங்கள் ஏறத்தாழ ஒழுங்காகவே தெரியும்.

ஆகவே வகைப் பராமரிப்புப் பதிவேட்டில் χ² மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு தலைமுறைக்கும் எண்ணிய செடிகள், மூன்று ஜீனாக்க எண்ணிக்கைகள், q, விதை எடுத்த கதிர்களின் எண்ணிக்கை, பொறுக்கியதற்கு முன்பா பின்பா எண்ணியது, இவை ஒரே வரியில் இருக்கட்டும். இரண்டு தலைமுறை q-க்களின் வேறுபாட்டை மதிப்பிடும்போது இரண்டு மாதிரிகளின் மாதிரிப்பிழையையும், விதை எடுத்த செடிகளின் எண்ணிக்கையால் வரும் தற்செயல் ஊசலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 200 செடி எண்ணினால் மாதிரிப்பிழை மட்டுமே ஒவ்வொரு q-வுக்கும் 0.024. அதனால் 0.35-க்கும் 0.33-க்கும் இடையில் காரணம் தேடி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.